பர்சனல் லோனைக் குறைத்துக் கட்டி ஒரே தடவையில் முடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு மாசமா இஎம்ஐ கட்டல. "ஒரு தொகையை வாங்கிக்கிட்டு கணக்கை முடிச்சுக்கோங்க"ன்னு பாங்க்ல கேட்கலாமா?

கேட்கலாம். ஓடிஎஸ் அல்லது செட்டில்மென்ட் என்று பாங்க்காரர்கள் சொல்வது இதைத்தான். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன், அதாவது என்பிஏ ஆகிவிடும். பெரும்பாலான வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் அதற்குப் பிறகுதான் தள்ளுபடி பற்றிக் காது கொடுக்கும். அதற்கு முன் போனால் தவணைக் காலத்தை நீட்டிக்கச் சொல்வார்கள். இஎம்ஐ குறைந்தால் உங்களால் கட்டமுடியும் என்றால் அதுவே நல்ல வழி. சிபில் அதிகம் அடிபடாது.

இது உங்கள் உரிமை இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஓடிஎஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று வங்கிக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது என 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிவு வங்கியின் வணிகக் கணக்கைப் பொறுத்தது. அதனால் கடிதம் கெஞ்சலாக இருப்பதைவிட, அந்தக் கணக்கை அவர்களுக்கே போட்டுக் காட்டுவதாக இருக்கவேண்டும்.

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடுங்கள். லோன் வாங்கும்போது கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்தார்களா? சில பாலிசிகளில் வேலை இழப்பு, விபத்து, கடும் நோய் ஆகியவற்றுக்குக் காப்பு உண்டு. அது இருப்பதே தெரியாமல் செட்டில்மென்ட் பேசப் போகிறவர்கள் நிறையப் பேர். லோன் ஒப்பந்தத்தையும், பணம் வரவான நாளில் என்னென்ன பிடித்தார்கள் என்ற விவரத்தையும் ஒருமுறை புரட்டுங்கள்.

எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்? 50 சதவீதம் தள்ளுபடி சகஜம்னு யூடியூப்ல சொல்றாங்களே?

எல்லோருக்கும் பொருந்தும் சதவீதம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை ஒன்று இருக்கும். கணக்கு எத்தனை நாளாக நிற்கிறது, வேறு சொத்து உண்டா, வசூலிக்க எவ்வளவு செலவாகும் என்று அதன்படி பார்ப்பார்கள். வெளியில் அதைக் காட்டமாட்டார்கள். நீங்கள் செய்யக்கூடியது, வழக்குப் போட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டு அதற்கு மேலே ஒரு தொகை சொல்வது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் 15 சதவீத வட்டியில் 4 லட்ச ரூபாய் பர்சனல் லோன் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 மாதம், இஎம்ஐ சுமார் 11,130. இருபது தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு முதுகில் ஆபரேஷன், வேலை போனது. ஒன்பது மாதமாகத் தவணை நிற்கிறது. இன்றைய நிலுவை: அசல் 2,61,600, வட்டி சுமார் 29,400, அபராதக் கட்டணமும் பவுன்ஸ் சார்ஜும் சேர்த்து 14,000. மொத்தம் 3,05,000.

முன்பு மாதம் 34,000 வாங்கியவர் இப்போது நிற்கத் தேவையில்லாத ஒரு கணக்கு எழுதும் வேலையில் 19,000 வாங்குகிறார். வாடகை 6,500, மளிகை பால் காஸ் 7,000, பிள்ளையின் பள்ளிச் செலவு 2,000, மருந்து 2,000. மீதி 1,500.

இனி வங்கியின் பக்கம். வழக்குப் போட்டு டிக்ரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை வாங்கி, சம்பளத்தை ஜப்தி செய்கிறார்கள் என்று வையுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவுப்படி சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடமுடியாது. 19,000 சம்பளத்தில் மாதம் 6,000 வரைதான் பிடிக்கலாம். அதே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதற்கு மேல் அந்தச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆக 1,44,000. பிஎஃப் பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது. இந்த 1,44,000-ஐயும் வங்கி டிக்ரி வாங்கக் காத்திருந்து, வக்கீல் செலவும் செய்த பிறகுதான் பார்க்கும்.

அவரிடம் உள்ள வழி: மச்சான் தரும் 1,20,000, மனைவியின் நகையை விற்றுக் கிடைக்கும் 60,000. உச்சவரம்பு 1,80,000. முதலில் 1,50,000 என்று எழுதுகிறார். அது அசலில் 57 சதவீதம். வங்கி 2,10,000 கேட்டால், மச்சானின் கடிதத்தையும் நகையின் மதிப்பீட்டுச் சீட்டையும் காட்டி 1,80,000-க்கு வருகிறார். அதற்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் இல்லாத பணத்துக்கு ஒத்துக்கொண்டு தவறினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

உங்கள் பேரில் வீடோ நிலமோ இருந்தால் இந்தக் கணக்கு மாறும். டிக்ரி வந்தால் அதை ஜப்தி செய்யலாம் என்று வங்கிக்குத் தெரியும், தள்ளுபடியும் அதற்கேற்பச் சுருங்கும். மறைத்துப் பயனில்லை. வில்லங்கச் சான்று எடுக்க யாராலும் முடியும்.

கஷ்டத்துக்கு என்ன ஆதாரம் கொடுக்கணும்? மெடிக்கல் பில் போதுமா?

பில் மட்டும் போதாது. பில் செலவைத்தான் காட்டும், கட்டமுடியாத நிலையைக் காட்டாது. மூன்று கேள்விக்கு ஆவணம் பதில் சொல்லவேண்டும்: வருமானம் எப்போது, எதனால் விழுந்தது? இப்போது எவ்வளவு வருகிறது? கொடுப்பதாகச் சொல்லும் பணம் எங்கிருந்து வருகிறது?

முதலாவதற்கு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி (சேர்ந்த நாளும் வெளியே வந்த நாளும் இருக்கும்), இத்தனை வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் எழுதிய சான்று, கம்பெனியின் ரிலீவிங் லெட்டர். ரிலீவிங் லெட்டர் தராத இடங்கள் உண்டு. அங்கே பிஎஃப் பாஸ்புக்கை யுஏஎன் மூலம் பதிவிறக்கி வையுங்கள். எந்த மாதத்தோடு பங்களிப்பு நின்றது என்பது அதில் தானாகத் தெரியும். உங்கள் கையால் எழுதிய எந்தக் காரணத்தையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவதற்குச் சம்பளம் வரும் கணக்கின் ஸ்டேட்மென்ட், பிரச்சினைக்கு முந்தைய ஆறு மாதமும் பிந்தைய ஆறு மாதமும். வீழ்ச்சி அதில் பளிச்சென்று தெரியவேண்டும். கூடவே வாடகை ஒப்பந்தம், பள்ளிக் கட்டண ரசீது. இன்னொரு லோன் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சிபில் அறிக்கையை அவர்கள் எப்படியும் எடுப்பார்கள்.

மூன்றாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். "ஒன்றரை லட்சம் தருகிறேன்" என்றால், மாதம் 1,500 மிஞ்சுகிறவருக்கு அது எப்படி வரும் என்று ஒப்புதல் தரும் அதிகாரி கேட்பார். பணம் தரும் உறவினர் கையெழுத்திட்ட ஒரு பத்தி போதும்: உறவுமுறை, தொகை, இந்தக் கடனை முடிக்க மட்டுமே தருகிறேன் என்பது.

முரண்பாடு இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை தேடுங்கள். வேலை இல்லை என்று எழுதிவிட்டு ஸ்டேட்மென்டில் மாதாமாதம் ஒரே ஆளிடமிருந்து 12,000 வருவதாக இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அது அப்பாவின் பென்ஷன் என்றால் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடிதத்தை எப்படி எழுதுறது?

ஒரு பக்கம் போதும். மேற்சொன்ன உதாரணத்துக்கு இப்படி வரும்:

பொருள்: தனிநபர் கடன் கணக்கு எண் ………, ஒருமுறைத் தீர்வுக்கான வேண்டுகோள்

மேற்படி கடனில் 20 தவணைகளைத் தவறாமல் செலுத்தியுள்ளேன். ……… அன்று நடந்த முதுகு அறுவைச் சிகிச்சையால் வேலையை இழந்தேன். மாத வருமானம் ரூ.34,000-லிருந்து ரூ.19,000 ஆகக் குறைந்துவிட்டது. குடும்பச் செலவு போக ரூ.1,500 மட்டுமே மிஞ்சுகிறது (இணைப்பு 1 முதல் 6 வரை). என் பெயரில் அசையாச் சொத்து இல்லை.

உறவினர் உதவியுடன் ரூ.1,50,000 திரட்ட முடிகிறது (இணைப்பு 7). இதை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால், ஒப்புதல் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் ரூ.30,000-ம், மீதி ரூ.1,20,000-ஐ 60 நாளுக்குள்ளும் கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்துகிறேன். முடிவை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். இது சமரசத்துக்காக மட்டுமே எழுதப்படுகிறது. கோரப்படும் மொத்தத் தொகையை நான் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது.

அவ்வளவுதான். வட்டி அநியாயம், ஏஜென்ட் திட்டினார் போன்ற புகார்களை இதில் கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் கடிதம். தவணைக்கெடுவை மூன்று மாதத்துக்குள் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது: ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ல் வெளியிட்ட சமரசத் தீர்வு விதிகளின்படி, பணம் கட்ட மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தால் அது கடன் மறுசீரமைப்பாகக் கருதப்படும். வங்கிக்கு அது கூடுதல் தலைவலி.

கிளை மேலாளர் தெரிஞ்சவர். அவர் சரின்னு சொன்னா போதுமா? இல்ல ஏஜென்ட்கிட்டயே பேசிடலாமா?

இருவர் வாயாலும் முடியாது. கடன் கொடுக்க ஒப்புதல் தந்த அதிகாரி அதே கடனின் சமரசத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது என்பது அதே 2023 விதி. அதனால் கிளையிலிருந்து மேலிடத்துக்குக் கோப்பு போகும். கடிதத்தைக் கிளையில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதையே நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள குறைதீர் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள்.

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "செட்டில்மென்ட் லெட்டர்" விஷயத்தில் கவனம். லெட்டர்ஹெட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். கடன் கணக்கு எண்ணைச் சொல்லி, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ கிளையிலோ அந்தக் கடிதம் அவர்கள் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பணத்தை ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்பவே கூடாது, கடன் கணக்கில்தான் கட்டவேண்டும். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டினாத்தான் இந்த ஆஃபர்" என்பது பெரும்பாலும் அவருடைய மாதக் கடைசி இலக்கு. அடுத்த மாதமும் ஆஃபர் வரும்.

பேச்சு நடக்கும்போது நல்லெண்ணத்துக்கு மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம் கட்டலாமா?

ஒப்புதல் கடிதம் வரும்வரை கட்டாமல் இருப்பதே மேல். அப்படிக் கட்டுவது வழக்கமாகக் கட்டணத்துக்கும் வட்டிக்கும் போகும், அசல் அசையாது. நீங்கள் திரட்டிய மொத்தத் தொகைதான் உங்கள் பலம், அதைச் சில்லறையாக்கிவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. திரட்டிய பணத்தைக் கடன் கொடுத்த அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பது. ஒப்பந்தத்தில் உள்ள ஈடுகட்டும் உரிமையைக் காட்டி, நிலுவைக்காக அதை எடுத்துக்கொள்ள முடியும். 1,80,000-ம் போய்விடும், செட்டில்மென்டும் இருக்காது. பணம் வேறு வங்கியில் இருக்கட்டும்.

கடன் பழசு, கட்டி மூணு வருஷம் ஆகப்போகுது. இப்ப லெட்டர் கொடுத்தா எனக்கே பாதகமா?

ஆகலாம். கடனுக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம்தான். ஆனால் அந்தக் காலம் முடிவதற்குள் நீங்கள் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் (பிரிவு 18) அல்லது ஒரு பகுதியைக் கட்டினால் (பிரிவு 19) மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் கொடுக்கும் ஓடிஎஸ் கடிதமே அந்த ஒப்புதலாகிவிடக்கூடும். "ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது" என்ற வரி உதவும், ஆனால் முழுக் கவசம் இல்லை.

கடைசித் தவணை தவறி ஒரு வருடம்தான் ஆகிறது என்றால் இதற்காகக் கவலைப்படவேண்டாம். இரண்டரை வருடம் தாண்டியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் வக்கீல் ஒருவரிடம் தேதிகளைக் காட்டுங்கள். காலம் முடிந்துவிட்டாலும் சிபிலில் கறை தானாக அழியாது, நீதிமன்ற வழிதான் அடைபடும்.

கொடுத்த செக் பவுன்ஸ் ஆகி நோட்டீஸ் வந்திருக்கு. இதுவும் செட்டில்மென்ட்ல முடியுமா?

முடியும், ஆனால் தானாக முடியாது. செக் பவுன்ஸுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு வழக்கு, ஆட்டோ டெபிட் திரும்பினால் 2007-ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு வழக்கு. இரண்டும் குற்ற வழக்குகள். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டாவிட்டால்தான் வழக்குத் தொடுக்கலாம். அதனால் நோட்டீஸை அலமாரியில் வைக்காதீர்கள், ஓடிஎஸ் வேண்டுகோளைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பணம் வந்ததும் வாபஸ் பெறுவதாக வழக்கு எண்ணோடு ஒப்புதல் கடிதத்தில் வரவேண்டும்.

பாங்க் ஒத்துக்கிச்சு. லெட்டர்ல எதெல்லாம் இருக்கான்னு பார்க்கணும்?

கடன் கணக்கு எண், தீர்வுத் தொகை, ஒவ்வொரு தவணையின் கடைசித் தேதி, எந்தக் கணக்கில் கட்டவேண்டும், அதிகாரியின் பெயரும் பதவியும். இதெல்லாம் பொதுவாக இருக்கும். விடுபடுவது வேறு: "முழுமையான, இறுதித் தீர்வு, இதன் பிறகு எந்த நிலுவையும் இல்லை" என்ற வாசகம். அது இல்லாவிட்டால் மீதித் தொகைக்கு நாளை வேறு யாராவது போன் செய்வார்கள். கூட்டுக் கடனாளியோ ஜாமீன்தாரரோ இருந்தால் அவரும் விடுவிக்கப்படுகிறார் என்று எழுதச் சொல்லுங்கள். வெற்றுச் செக்குகள் திரும்பி வரும், ஆட்டோ டெபிட் ரத்தாகும் என்பதும் வேண்டும். செட்டில்மென்ட் முடிந்த அடுத்த மாதமே பழைய ஆட்டோ டெபிட் ஓடி 11,130 பிடிபடுவது நடக்கிற விஷயம்தான்.

கடன் ஏற்கெனவே, வாராக்கடன்களை விலைக்கு வாங்கும் சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால், ஒப்புதல் அந்த நிறுவனத்திடமிருந்துதான் வரவேண்டும். பழைய வங்கியின் கடிதம் செல்லாது.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் சமரசத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்து ஒப்புதல் டிக்ரியாக வாங்கவேண்டும்.

ரெண்டாவது தவணை பத்து நாள் தாமதமாகிடுச்சுன்னா?

கடிதத்தில் உள்ள தேதி தவறினால் தள்ளுபடி ரத்து, முழு நிலுவையும் உயிர்பெறும், கட்டியது பழைய கடனில் கழிக்கப்படும் என்றுதான் அநேகக் கடிதங்களில் இருக்கும். நீதிமன்றம் போய் நாள் நீட்டிக்க முடியாது, 2022-ல் உச்ச நீதிமன்றம் அதையும் சொல்லிவிட்டது. தாமதமாகும் என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். உச்சவரம்பைத் தாண்டி ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மறுத்துட்டாங்க. ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாமா?

ஓம்புட்ஸ்மேன் என்பவர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். தள்ளுபடி தர மறுத்தார்கள் என்று அவரிடம் போனால் நிற்காது, அது வணிக முடிவு. ஆனால் முப்பது நாளாக உங்கள் புகாருக்குப் பதிலே இல்லை, கட்டிய பணத்தை வரவு வைக்கவில்லை, காலை 8 மணிக்கு முன்போ இரவு 7-க்குப் பிறகோ வசூலுக்கு அழைக்கிறார்கள் என்றால் போகலாம். cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம்.

மறுப்புக்குப் பிறகு பயன் தருவது லோக் அதாலத். வழக்குப் போடும் முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே உட்காரும்போது வங்கித் தரப்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒருவர் வருவார். அங்கு போடும் தீர்ப்பு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே அதே கவனத்தோடு தொகையையும் தேதியையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மூன்று மாதம் கழித்துத் திருத்திய தொகையோடு வங்கிக்கே மறுபடி எழுதவும் தடையில்லை.

முடிச்ச பிறகு சிபில் என்ன ஆகும்? மறுபடி லோன் கிடைக்குமா?

கணக்கு "Closed" என்று வராது, "Settled" என்று வரும். ஏற்கெனவே வங்கி கணக்கைத் தள்ளி எழுதியிருந்தால் "Post (WO) Settled". இந்தக் குறி சில வருடங்கள் தெரியும், புதிதாகக் கடன் தருகிறவர்கள் பெரும்பாலும் தயங்குவார்கள். அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் உங்களுக்குப் புதுக்கடன் தரக்கூடாது என்பது 2023 விதி. அதைவிட நீண்ட காலத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்தில் வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் செட்டில்மென்டைவிட தவணை நீட்டிப்பையே யோசியுங்கள். பின்னாளில் கையில் பணம் வந்தால் தள்ளுபடியான மீதியையும் கட்டி, கணக்கை "Closed" ஆக மாற்றித் தரும்படி கேட்கலாம், பல நிறுவனங்கள் செய்கின்றன.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவையில்லாச் சான்றை எழுதிக் கேளுங்கள். ஒன்றரை மாதம் கழித்து சிபில் அறிக்கை எடுத்து, நிலுவை பூஜ்யம் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய தொகையே நின்றால் சிபில் தளத்தில் புகார் பதியுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஒப்புதல் கடிதம், கட்டிய ரசீதுகள், நிலுவையில்லாச் சான்று மூன்றையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; கணக்கை வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு யாராவது இரண்டு வருடம் கழித்து அழைத்தால் அவற்றைத்தான் அனுப்பவேண்டியிருக்கும்.